திரும்பத் திரும்ப வரும் எழுவாயையும் வினையையும் எங்கே விடலாம்?

"எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலருக்கு முன்னோர் வரலாறு எழுதுகிறேன். தேவகோட்டைப் பக்கம். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'அவர்', 'கட்டினார்' என்றே வருகிறது. நானாகச் சிலவற்றை வெட்டினேன். வாக்கியம் தப்பாகிவிட்டது என்கிறார் எங்கள் தமிழ் ஐயா. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?"

காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் பல வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகையும் குடமுழுக்கு மலரும்தான் எங்களுக்கு வருகிற வேலையில் பாதி. அதனால் உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகப் பழகியது. இலக்கணத்தை முழுக்கச் சொல்ல இங்கே இடமில்லை. மலருக்கு எழுதுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று மேசையில் கண்டதை மட்டும் சொல்கிறேன். உரைநடைக்கு மட்டும்தான் இது. செய்யுளுக்கு வேறு சலுகைகள் உண்டு, அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் யார் செய்தார் என்பது வினைமுற்றின் கடைசியிலேயே இருக்கிறது. 'கட்டினேன்' என்றால் நான், 'கட்டினாய்' என்றால் நீ, 'கட்டினோம்' என்றால் நாங்கள் அல்லது நாம். எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் அந்தக் கடைசி எழுத்துகள் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எழுவாயை விடுவது நமக்கு இயல்பான காரியம். ஆனால் அதே காரணத்தால் வினையை விடுவது கொஞ்சம் ஆபத்தான காரியம். ஒரு வினைமுற்றை இரண்டு பேருக்குப் பொதுவாக்கினால், அதன் கடைசி அந்த இரண்டு பேருக்கும் பொருந்தியாக வேண்டும். அந்த வினையின் பொருளும் இரண்டு செயலுக்கும் பொருந்த வேண்டும். நான் திருத்துகிற தப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காததால் வருபவைதான்.

எழுவாயிலிருந்து தொடங்குவோம். ஒரே ஆள் அடுத்தடுத்துச் செய்தவற்றைச் சொல்ல வினையெச்சம் போதும். 'செட்டியார் பர்மா சென்றார். செட்டியார் அங்கே வட்டிக்கடை வைத்தார்' என்பதை 'செட்டியார் பர்மா சென்று வட்டிக்கடை வைத்தார்' என்று ஒட்டிவிடலாம். எழுவாய் ஒன்று போயிற்று, முற்று ஒன்று எச்சமாயிற்று, பொருள் குறையவில்லை. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. 'சென்று' என்ற எச்சத்தின் எழுவாயும் 'வைத்தார்' என்ற முற்றின் எழுவாயும் ஒருவராகவே இருக்க வேண்டும். 'செய்து' போன்ற எச்சங்கள் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே இதற்கு விதி உண்டு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

படிக்கும்போது எளிதாகத் தெரியும் இந்த விதியை எழுதும்போது எப்படி மீறுகிறோம் என்று பாருங்கள். மலர்களில் நான் அதிகமாகக் காண்கிற வாக்கியம் இது: 'ஊரார் கோயிலைப் புதுப்பித்து, 1932இல் குடமுழுக்கு நடைபெற்றது.' புதுப்பித்தது ஊரார். நடைபெற்றது குடமுழுக்கு. எச்சத்துக்கு ஓர் எழுவாய், முற்றுக்கு வேறொன்று. ஊரார் பாதி வாக்கியத்தில் முற்றில்லாமல் நிற்கிறார்கள். 'ஊரார் கோயிலைப் புதுப்பித்து, 1932இல் குடமுழுக்கு நடத்தினார்கள்' என்றால் சரி. 'கோயில் புதுப்பிக்கப்பட்டு, 1932இல் குடமுழுக்கு நடைபெற்றது' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதில் எழுவாய் மாறத்தான் செய்கிறது. ஆனால் இரண்டுமே தாமாக நடப்பதுபோல் சொல்லப்படுவதால் காதில் உறுத்துவதில்லை. எனக்கு முதல் வடிவம்தான் பிடிக்கும். யார் செய்தார்கள் என்பது மறையக் கூடாதல்லவா, மலர் போடுவதே அதற்குத்தானே!

செய்தித்தாளிலும் இதே கோளாறு வேறு உடையில் வரும். 'காவல்துறையினர் அவரைக் கைது செய்து சிறையில் அடைக்கப்பட்டார்.' கைது செய்தவர்களே சிறையில் அடைபட்ட மாதிரி ஆகிவிடுகிறது. 'கைது செய்து சிறையில் அடைத்தனர்' என்று இரண்டையும் செய்வினையாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அவர் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்' என்று இரண்டையும் செயப்பாட்டுவினையாக வைக்க வேண்டும். ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் வைத்தால் நடுவில் எழுவாய் நழுவிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எச்சத்தை எடுத்து, 'யார்?' என்று கேளுங்கள். முற்றை எடுத்து, அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக வந்தால் விட்டுவிடலாம்.

இரண்டு பேர் வந்தால் என்ன செய்வது? 'செய்து' இருக்குமிடத்தில் வேறு எச்சத்தைப் போட வேண்டும். 'மாமா வந்து நான் கிளம்பினேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'மாமா வந்ததும் நான் கிளம்பினேன்', 'மாமா வந்த பிறகு', 'மாமா வர, நான் கிளம்பினேன்' என்பவை எல்லாம் சரி. 'வர', 'கட்ட', 'சொல்ல' என்ற எச்சம் வேறு எழுவாயைத் தாங்கும். மலருக்கு அது ரொம்பப் பயன்படும். 'அண்ணன் பணம் கொடுக்க, தம்பி முன்னின்று கட்டினார்.' எழுவாய் இரண்டு, முற்று ஒன்று, குழப்பம் இல்லை. ஆனால் இதையே ஒவ்வொரு வாக்கியத்திலும் போட்டால் பழைய மேடைப் பேச்சுபோல ஆகிவிடும். பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

இதற்கு விலக்கு இல்லையா என்று உங்கள் தமிழ் ஐயா கேட்பார். உண்டு. 'மழை பெய்து ஊருணி நிறைந்தது' என்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது ஊருணி, எழுவாய் இரண்டு. இருந்தும் யாருக்கும் தப்பாகப் படுவதில்லை. 'கால் ஒடிந்து மாடு விழுந்தது' என்பதும் அப்படித்தான். ஒடிந்தது கால், விழுந்தது மாடு. கால் மாட்டின் உறுப்பு என்பதால் சினைவினை முதலோடு முடிவது வழக்கு என்று பழைய இலக்கணமே அனுமதிக்கிறது. 'மழை பெய்து' என்பதை, 'பெய்ய' என்று வரவேண்டிய இடத்தில் 'பெய்து' நின்றது என்று உரைகாரர்கள் போக்கில் விளக்கலாம். காரணமும் விளைவுமாக, யாருடைய விருப்பமும் இல்லாமல் நடப்பவற்றில் இது செல்லும் என்பது என் அனுபவம். 'செட்டியாருக்குக் காய்ச்சல் வந்து ஊர் திரும்பினார்' என்பதிலும் வந்தது காய்ச்சல், திரும்பியவர் செட்டியார். காய்ச்சல் அவருக்கே வந்ததால் காது ஒப்புக்கொள்கிறது. எதிர்ப்பக்கமாக, 'செட்டியார் ஊர் திரும்பி உடம்பு சரியில்லாமல் போனது' என்று எழுதினால் நொண்டுகிறது. 'செட்டியார் ஊர் திரும்பியதும் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது' என்று 'அவருக்கு' என்பதை மறுபடி கொண்டுவர வேண்டும். இந்த எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதில் ஆளுக்கு ஆள் காது வேறுபடும். சந்தேகமாக இருந்தால் விடாமல் எழுதுவதே நல்லது.

அடுத்தது, எச்சமே இல்லாமல் தனித்தனி வாக்கியங்களில் எழுவாயை விடுவது. இங்கேதான் நம்ம பக்கத்து மலர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முன்னோர் எல்லாருக்கும் மரியாதையாக '-ஆர்' போட்டு எழுதுகிறோம். செட்டியாரும் 'கட்டினார்', ஆச்சியும் 'கட்டினார்'. 'கட்டினான்', 'கட்டினாள்' என்று எழுதினால் யார் என்று முற்றே சொல்லும். '-ஆர்' அதைச் சொல்லாது. 'செட்டியார் பர்மாவில் இருந்தபோது ஆச்சி வரவு செலவைக் கவனித்தார். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடமும் கட்டினார்.' கட்டியது யார்? ஆச்சி என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். காரணம், முந்தைய வாக்கியத்தின் தலைமை எழுவாய் ஆச்சி. 'இருந்தபோது' என்ற துணைப்பகுதிக்குள் இருந்த செட்டியார் அடுத்த வாக்கியத்துக்கு வந்துசேர மாட்டார். ஆச்சிதான் கட்டினார் என்றால் எழுவாயை விடலாம். செட்டியார் என்றால் 'செட்டியார்' என்று மறுபடி எழுதியே தீர வேண்டும். 'அவர்' போட்டால்கூடப் போதாது, அதுவும் ஆச்சியைத்தான் காட்டும். பெயரைத் திரும்ப எழுதுவது இந்த இடத்தில் கூறியது கூறல் ஆகாது. கோயிலுக்கு யார் எழுதி வைத்தார் என்பதில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு மனத்தாங்கல் வந்ததையும் பார்த்திருக்கிறேன். காரணம் விட்டுப்போன ஒரு பெயர்தான்.

இனி வினைக்கு வருவோம். இரண்டு பேர் ஒரே செயலைச் செய்தால் முற்றை ஒருமுறை போட்டால் போதும். ஆனால் எந்த இடத்தில் போடுவது? கடைசியில்தான். 'அண்ணன் சத்திரம் கட்டினார், தம்பி பள்ளிக்கூடம்' என்று முன்னே போட்டுப் பின்னே விட்டால், படிப்பவர் 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லில் நின்றுகொண்டு வினை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சில் இது நடக்கும். 'அண்ணன் காபி குடிச்சார், நான் டீ' என்று எல்லோரும் சொல்கிறோம். குரலின் ஏற்ற இறக்கம் மிச்சத்தைச் சொல்லிவிடும். தாளில் குரல் இல்லை. 'அண்ணன் சத்திரமும் தம்பி பள்ளிக்கூடமும் கட்டினார்கள்' என்று முன்னே விட்டுப் பின்னே போடுங்கள். 'உம்' இரண்டு இடத்திலும் வர வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் இணைப்பு அறுந்துபோகும்.

இந்த வாக்கியத்தில் 'கட்டினார்கள்' என்று பன்மையாக்கியதைக் கவனித்தீர்களா? தம்பியை மட்டும் பார்த்தால் 'கட்டினார்' போதும் என்று தோன்றும். ஆனால் முற்று இப்போது இருவருக்கும் சொந்தம். அதனால் இருவரையும் கூட்டித்தான் கடைசி எழுத்துகள் வர வேண்டும். 'அக்காள் தேவகோட்டையிலும் தங்கை காரைக்குடியிலும் இருக்கிறார்கள்.' அதேபோல் எழுதுபவரும் அதில் ஒருவர் என்றால் தன்மைப் பன்மை வரும்: 'தம்பி மதுரையிலும் நான் காரைக்குடியிலும் படித்தோம்.' இங்கே 'படித்தேன்' என்று முடித்தால் தம்பி படிக்காதவராகிவிடுவார், 'படித்தார்' என்று முடித்தால் 'நான் படித்தார்' என்று ஆகிவிடும். முற்றை அப்படியே எடுத்து ஒவ்வொரு எழுவாய்க்குப் பின்னும் வைத்துப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும். பன்மையில் மட்டும் இந்தச் சோதனையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: 'நாங்கள் படித்தோம்' என்று இருவரையும் ஒரு சொல்லாகச் சுருக்கி வைத்துப் பாருங்கள், பொருந்தும்.

'நானோ தம்பியோ வருவோம்' என்பதில் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்பார்கள். வருவது ஒருவர்தானே, 'வருவோம்' எப்படிச் சரி? பலர் எழுதுகிறார்கள், எனக்கும் பெரிதாக உறுத்தவில்லை. 'வருவேன்' என்பவர்களும் உண்டு, 'வருவார்' என்பவர்களும் உண்டு. இதில் முடிவாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 'எங்களில் ஒருவர் வருவார்' என்று மாற்றிவிடுவது என் பழக்கம்.

உயர்திணையும் அஃறிணையும் கலக்கும்போது கூட்டவும் முடியாது. 'மாப்பிள்ளை காரிலும் சீர்ச் சாமான்கள் லாரியிலும் வந்தன.' மாப்பிள்ளையையும் சாமானோடு சேர்த்துவிட்டோம். 'வந்தார்கள்' என்றால் அண்டாவும் குத்துவிளக்கும் எழுந்து நடந்து வந்துவிட்டன. இரண்டு திணையும் கலந்து வரும்போது சிறப்பு, மிகுதி, இழிவு பார்த்து ஒரு முடிபு கொள்ளலாம் என்று நன்னூலில் ஒரு சலுகை உண்டு. திங்களும் சான்றோரும் 'ஒப்பர்' என்று முடிவதை அதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். செய்யுளில் அது அழகு. இன்றைய உரைநடையில் அந்தச் சலுகையை எடுத்தால் பெரும்பாலும் சிரிப்புத்தான் வரும். 'மாப்பிள்ளை காரில் வர, சீர்ச் சாமான்கள் லாரியில் வந்தன' என்று முன்பு சொன்ன எச்சத்தைப் போட்டுவிடுங்கள். முற்று ஒன்றுதான், அதன் கடைசி சாமான்களுக்கு மட்டும் பொறுப்பு.

ஆனால் எல்லோருக்கும் ஒரே வடிவாக நிற்கிற சில முற்றுகள் நம்மிடம் இருக்கின்றன. 'உண்டு', 'இல்லை', 'வேண்டும்', 'வரவில்லை' போன்றவை. 'நான் வரவில்லை, நீ வரவில்லை, அவர் வரவில்லை, அது வரவில்லை' என்று எங்கும் அதே சொல். உண்டு, இல்லை என்பவை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூலும் சொல்கிறது. அதனால் 'இல்லை' என்று முடிகிற எதிர்மறையில் மேற்படி தொல்லை இல்லவே இல்லை. 'மாப்பிள்ளையும் சீரும் இன்னும் வரவில்லை' என்பது எந்தக் குறையுமில்லாத வாக்கியம். வேறு எந்த வழியும் தோன்றாதபோது வாக்கியத்தை இப்படிப்பட்ட முற்றில் முடிக்க முடியுமா என்று பார்ப்பேன்.

ஆனால் எதிர்மறையில் வேறொரு பள்ளம் இருக்கிறது. 'செட்டியார் வீட்டை விற்றுப் பர்மா போகவில்லை' என்று எழுதுகிறோம். இந்த 'இல்லை' எதை மறுக்கிறது? போவதை மட்டுமா, விற்பதையும் சேர்த்தா? வீட்டையும் விற்கவில்லை, பர்மாவும் போகவில்லை என்று ஒருவர் படிப்பார். வீட்டை விற்றார், ஆனாலும் போகவில்லை என்று இன்னொருவர் படிப்பார். போனார், ஆனால் வீட்டை விற்றுவிட்டுப் போகவில்லை என்று மூன்றாமவர் படிப்பார். மூன்றும் செல்லும், இலக்கணம் எதையும் தடுக்காது. 'விற்று' என்ற எச்சம் முற்றைச் சார்ந்தே நிற்பதால் முற்றின் 'இல்லை' பின்னோக்கி எவ்வளவு தூரம் போகும் என்பதை வாசகர்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சொத்து விவரம் வருகிற இடத்தில் ஊகத்துக்கு விடக் கூடாது. 'வீட்டை விற்கவும் இல்லை, பர்மா போகவும் இல்லை', 'வீட்டை விற்றார். ஆனால் பர்மா போகவில்லை', 'வீட்டை விற்காமலே பர்மா போனார்' என்று எது உங்கள் பொருளோ அதை விரித்து எழுதுங்கள். எதிர்மறை வந்தால் சுருக்காதே என்பது எங்கள் மேசையில் எழுதாத விதி.

சுருக்குகிறேன் என்று வெறும் 'இல்லை'யை மட்டும் நிறுத்துவதும் உண்டு. 'குடமுழுக்குக்கு அண்ணன் வந்தார், தம்பி இல்லை.' எழுதியவர் நினைத்தது தம்பி வரவில்லை என்று. நம் ஊரில் 'அவர் இப்போ இல்லை' என்றால் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். மலரைப் புரட்டிவிட்டுத் தம்பி வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகப் போகிறார்கள். 'தம்பி வரவில்லை' என்று வினையை முழுசாகப் போடுங்கள்.

கடைசிக் கண்ணி பொருளைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கோயிலைக் கட்டுகிறோம். ஊருணியை வெட்டுகிறோம். தூணை நிறுத்துகிறோம். தரைக்குக் கல் பதிக்கிறோம். கண்ணாடியை மாட்டுகிறோம். ஓட்டை வேய்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஒரு வினை இருக்கிறது. 'கோயிலும் ஊருணியும் கட்டினார்' என்று எழுதினால் 'கட்டினார்' கோயிலோடு சரியாக நிற்கும், ஊருணியோடு சேராது. சிறிய விஷயம்தான், ஆனால் ஊருணி வெட்டின ஊரில் யாரும் 'ஊருணி கட்டினார்' என்று சொல்ல மாட்டார்கள். இதற்கும் தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. வெவ்வேறு வினை கொள்ளும் பொருள்களைச் சேர்த்துச் சொல்லும்போது, அதில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையால் முடிக்காமல் எல்லாவற்றுக்கும் பொதுவான வினையால் முடிக்க வேண்டும் என்பது கிளவியாக்கத்தில் வருகிறது. 'யாழும் குழலும் இயம்பினார்' என்பது உரைகளில் வரும் உதாரணம். யாழை மீட்டுவார்கள், குழலை ஊதுவார்கள். 'ஊதினார்' என்று முடித்தால் யாழ் கெடும், 'இயம்பினார்' இரண்டுக்கும் ஆகும்.

ஆகவே வழி இரண்டு. பொதுவினை ஒன்றைத் தேடலாம்: 'கோயிலும் ஊருணியும் அமைத்தார்.' அல்லது தனித்தனி வினையை எச்சமாக்கி வைத்துக்கொள்ளலாம்: 'கோயில் கட்டி, ஊருணி வெட்டினார்.' முதல் வழி சுருக்கமானது, ஆனால் வெளிறிப்போகும். 'அமைத்தார்', 'செய்தார்', 'ஏற்படுத்தினார்' என்று பத்து வாக்கியம் தொடர்ந்து வந்தால் அரசாங்க அறிக்கை படிப்பதுபோல் இருக்கும். இரண்டாவது வழியில் வினைகள் உயிரோடு இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 'செய்து' என்பது முன்பின் வரிசையையும் சொல்லிவிடும். ஊருணி முதலில், கோயில் பிறகு என்றால் 'கோயில் கட்டி, ஊருணி வெட்டினார்' என்பது வரலாற்றுப் பிழை. வரிசை தெரியாவிட்டாலோ, தெரிந்தும் சொல்ல வேண்டாம் என்றாலோ 'கோயில் கட்டியதோடு ஊருணியும் வெட்டினார்' என்று எழுதலாம். 'ஓடு' வரிசையைப் பற்றி வாய் திறக்காது.

இப்போது ஒரு பத்தியை எடுத்து வேலை பார்ப்போம். எங்களிடம் வருகிற மாதிரியில் நானே எழுதியது, உண்மையான வீட்டு வரலாறு அல்ல. 'செட்டியார் 1910இல் பர்மா சென்றார். செட்டியார் அங்கே பதினைந்து ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் செய்தார். செட்டியார் 1925இல் ஊர் திரும்பினார். செட்டியார் பெரிய வீடு கட்டினார். செட்டியார் முகப்பில் தேக்குத் தூண்களை நிறுத்தினார். செட்டியார் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்தார். செட்டியார் சுவர்களில் பெல்ஜியம் கண்ணாடிகளை மாட்டினார். ஆச்சி ஊருக்கு ஊருணி வெட்டினார். ஆச்சி அதற்குப் படித்துறை கட்டினார். செட்டியாரும் ஆச்சியும் 1932இல் சிவன் கோயிலுக்குத் திருப்பணி செய்தார்கள்.' எதுவும் தப்பில்லை, ஆனால் படிக்க முடியவில்லை.

ஆர்வத்தோடு வெட்டுகிறவர் இதை இப்படிச் செய்து கொண்டுவருவார்: 'செட்டியார் 1910இல் பர்மா சென்று, அங்கே பதினைந்து ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் செய்து, ஊர் திரும்பி, பெரிய வீடு கட்டி, முகப்பில் தேக்குத் தூண்களையும் தரையில் ஆத்தங்குடிக் கற்களையும் சுவர்களில் பெல்ஜியம் கண்ணாடிகளையும் மாட்டி, ஆச்சி ஊருணியும் படித்துறையும் கட்டி, 1932இல் சிவன் கோயிலுக்குத் திருப்பணி செய்தார்.' மேலோட்டமாகப் படித்தால் ஓடுகிறது. நின்று பாருங்கள். தூணையும் தரைக்கல்லையும் மாட்டியிருக்கிறார். ஊருணியைக் கட்டியிருக்கிறார்கள். 'ஆச்சி … கட்டி' என்ற எச்சம் நடுவில் எழுவாயை மாற்றிவிட்டது. அதனால் திருப்பணி 'செய்தார்' செட்டியாருக்கா ஆச்சிக்கா என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்து செய்தது ஒருவருடையதாகிவிட்டது. 1925 என்ற ஆண்டும் வெட்டும்போது காணாமல் போய்விட்டது. நீண்ட எச்சத் தொடரில் ஆண்டும் தொகையும் இப்படித்தான் தொலையும். மெய்ப்புத் திருத்தும்போது மூலப்படியை வைத்து எண்களைத் தனியாக ஒருமுறை சரிபார்ப்பது அதற்காகத்தான்.

நான் திருத்தினால் இப்படி வைப்பேன்: 'செட்டியார் 1910இல் பர்மா சென்று, அங்கே பதினைந்து ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் செய்து, 1925இல் ஊர் திரும்பினார். வந்ததும் பெரிய வீடு கட்டினார். முகப்பில் தேக்குத் தூண்களை நிறுத்தி, தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்து, சுவர்களில் பெல்ஜியம் கண்ணாடிகளை மாட்டினார். ஆச்சி ஊருக்கு ஊருணி வெட்டி, அதற்குப் படித்துறையும் கட்டினார். 1932இல் இருவரும் சேர்ந்து சிவன் கோயிலுக்குத் திருப்பணி செய்தார்கள்.'

எட்டு இடத்தில் இருந்த 'செட்டியார்' ஓரிடத்துக்கு வந்துவிட்டார். அவர் பெயர் இல்லாத இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களில் வேறு ஆள் குறுக்கே வராததால் '-ஆர்' அவரையே பிடித்துக்கொள்கிறது. ஆச்சி வந்த இடத்தில் மட்டும் பெயரை எழுதினேன். எழுதாவிட்டால் ஊருணியும் செட்டியார் கணக்கில் போய்விடும். தூண், கல், கண்ணாடி மூன்றுக்கும் அதனதன் வினையை எச்சமாக வைத்திருக்கிறேன். வேலை நடக்கிற வரிசையும் அதுதான், தரை முடிந்த பிறகுதான் கண்ணாடி மாட்டுவார்கள். அதனால் 'செய்து' சொல்கிற முன்பின்னும் பொருந்துகிறது. கடைசியில் 'இருவரும்' என்பதை வெட்டலாமா என்று உங்களுக்குத் தோன்றும். வெட்டினால் முந்தைய வாக்கியத்தின் எழுவாயான ஆச்சி இங்கேயும் வந்து உட்காருவார். 'செய்தார்கள்' என்ற பன்மை அவரோடு ஒட்டாது. ஊரார் செய்தார்கள் போலிருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார். அந்த ஒரு சொல் இருக்கட்டும்.

எச்சங்கள் எத்தனை தொடரலாம் என்பதற்கு விதி கிடையாது, அது அவரவர் ருசி. மூன்றுக்கு மேல் போனால் நான் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடுவேன். உங்கள் பத்தியில் எங்கே தடுமாற்றம் என்று தெரிய வேண்டுமானால் அந்த வாக்கியங்களை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆண்டுகளையும் தொகைகளையும் மட்டும் உங்கள் வீட்டுப் பழைய கணக்கேட்டை வைத்து நீங்களே ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.